முட்டி பெல்ட் விற்பவர் என்ன எழுதலாம்? அளவு, துணி, பயன்பாடு பற்றி ஓர் எளிய விளக்கம்

ராமநாதபுரம் கடலோரத்தில் முழங்கால் உறையும் இடுப்பு பெல்ட்டும் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள், கரைவலை இழுக்கிறவர்கள், மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்கள் என்று முட்டியையும் இடுப்பையும் வைத்துப் பிழைக்கிறவர்கள் இங்கே அதிகம். இவர்களுக்கு விற்கிற சர்ஜிக்கல் கடைக்காரர்களும், வீட்டிலிருந்தே விற்கிற பெண்களும் இப்போது வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் விற்பனைத் தளங்களிலும் பொருளைப் போடுகிறார்கள். படம் போடுவது எளிது. அதற்குக் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். "மூட்டுவலிக்கு நிரந்தரத் தீர்வு" என்று ஒரு வரியும் விலையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்குத் தேவையான எதுவும் அதில் இல்லை. சட்டப்படி எழுதக் கூடாதது மட்டும் இருக்கிறது.

முழங்கால் உறையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். அது பிடிபட்டால் இடுப்பு பெல்ட்டும் ஹீட்டிங் பேடும் சுலபம்.

முதலில், அந்த உறை உண்மையில் என்ன செய்கிறது? முட்டியைச் சுற்றி ஒரே சீரான லேசான இறுக்கம் தருகிறது. கொஞ்சம் சூட்டைத் தக்கவைக்கிறது. தோலில் ஏதோ ஒன்று பிடித்திருப்பதால் கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்ற உணர்வு கூடுகிறது. நடக்கும்போது தடுமாற்றம் குறைந்த மாதிரி பலருக்கும் இருக்கும். இதெல்லாம் அதை அணிந்திருக்கும்போது கிடைப்பவை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. கிழிந்த ஜவ்வை ஒட்டவைக்காது. முடக்குவாதத்தைத் தடுக்காது. ஆகவே எழுத வேண்டிய வரி இப்படி இருக்கலாம்: "முழங்காலுக்குப் பிடிமானமும் லேசான இறுக்கமும் தரும். நடக்கும்போதும், படியேறும்போதும், நின்று வேலை செய்யும்போதும் அணியலாம்." எழுதக் கூடாத வரி: "மூட்டுத் தேய்மானத்தைக் குணமாக்கும், ஒரே வாரத்தில் வலி பறந்துபோகும்."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய வரி பொருளைப் பற்றிப் பேசுகிறதா, நோயைப் பற்றிப் பேசுகிறதா? பொருளைப் பற்றியது என்றால் கையில் எடுத்து, இழுத்து, அளந்து சரிபார்க்க முடியும். நோயின் பெயரும், அது என்ன ஆகும் என்ற வாக்கும் வந்துவிட்டால் அதைச் சரிபார்க்க உங்களிடம் வழியில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள். "வலி நிவாரணி" என்ற சொல்லையும் நான் தவிர்க்கத்தான் சொல்வேன். பெட்டியிலேயே கம்பெனிக்காரர் அப்படி அச்சிட்டிருக்கலாம். ஆனால் அதை எடுத்து உங்கள் பக்கத்தில் போட்ட நிமிடத்திலிருந்து அது உங்கள் விளம்பரமும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்த அட்டவணையில் வாத நோயும் இருக்கிறது, குடலிறக்கமும் இருக்கிறது. உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ பாதிக்கும் நோக்கத்தில் விற்கும் பொருளையும் அந்தச் சட்டம் மருந்து என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. முதல் முறை தண்டிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அப்புறம் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான வழியில் நம்பவைக்கும் விளம்பரம் எல்லாவற்றையுமே பிடிக்கிறது. இணைய வணிகத்துக்கு 2020-ல் வந்த விதிகளின்படி, பக்கத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லை என்றால் அதைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. "குணமாகும்" என்று எழுதிவிட்டு "குணமாகவில்லை" என்று திரும்ப வருகிற பொருளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சரி, இனி அளவு. திரும்பி வருகிற உறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான் என்பதால் இங்கே நேரம் செலவழிக்கலாம்.

எஸ், எம், எல் என்ற எழுத்துகளுக்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கும். எங்கே அளக்க வேண்டும் என்பதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. சிலர் முட்டிச் சிப்பியின் நடுவில் டேப்பைச் சுற்றச் சொல்வார்கள். சிலர் சிப்பிக்கு மேலே தொடையில் இத்தனை சென்டிமீட்டர் தள்ளி அளக்கச் சொல்வார்கள். தொடை அளவுக்காகப் போட்ட அட்டவணையில் முட்டி அளவை வைத்துப் பார்த்தால் இரண்டு சைஸ் சின்னதாக வந்து சேரும். அதனால் பெட்டியின் பின்பக்கம் உள்ள படத்தைப் பாருங்கள். டேப் எங்கே சுற்றியிருக்கிறது, கால் நீட்டியிருக்கிறதா கொஞ்சம் மடங்கியிருக்கிறதா என்று கவனித்து, அதை அப்படியே தமிழில் எழுதுங்கள். "முட்டிச் சிப்பியின் நடுவில், நின்றபடி, துணிக்கு மேல் இல்லாமல் தோலோடு ஒட்டி அளக்கவும்" என்ற ஒரே வரி பல திரும்புதல்களைத் தவிர்க்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் ஓர் உரையாடலைப் பாருங்கள்.

"அண்ணே, அம்மாவுக்கு முட்டி பெல்ட் ஒண்ணு வேணும். லார்ஜ் போதும்ல?"

"அம்மா முட்டிய டேப் வச்சு அளந்தியாப்பா?"

"அளக்கல. அம்மா கொஞ்சம் குண்டா இருப்பாங்க."

"குண்டு ஒல்லி பாத்துச் சொல்ல முடியாது தம்பி. தையல் டேப் இருந்தா முட்டி நடுவுல சுத்தி எத்தன இஞ்சுன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்துப் பையன் சொல்கிறான்: பதினைந்து இஞ்ச். பெட்டியில் உள்ள அட்டவணை சென்டிமீட்டரில் இருக்கிறது. எம் 35 முதல் 38 வரை, எல் 38 முதல் 41 வரை என்று வைத்துக்கொள்வோம். ஓர் இஞ்ச் 2.54 சென்டிமீட்டர். பதினைந்தை அதால் பெருக்கினால் 38.1. எம்முக்கும் எல்லுக்கும் இடையிலான எல்லையில் நிற்கிறது. இந்த இடத்தில்தான் வாங்குகிறவர் குழம்பிப்போகிறார். அட்டவணையைப் போடும் நீங்கள் இதை முன்கூட்டியே தீர்த்துவைக்க வேண்டும். கம்பெனி வேறு மாதிரி சொல்லவில்லை என்றால், நடுவில் வருகிறவருக்குப் பெரிய அளவையே சொல்வது பாதுகாப்பு. சின்னது மேல்விளிம்பில் சுருண்டு, முழங்கால் மடிப்பில் வெட்டும். ரொம்பப் பெரியது நாலு எட்டு வைத்ததும் கணுக்காலுக்கு இறங்கிவிடும். சரியான அளவு என்றால் போட்ட பிறகு விளிம்பில் இரண்டு விரல் நுழையும், நடந்தாலும் இறங்காது. பாதம் மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, நிறம் மாறினாலோ உடனே கழற்ற வேண்டும். இந்தக் கடைசி வரியும் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

அட்டவணையை இஞ்ச், சென்டிமீட்டர் இரண்டிலும் போடுங்கள். வீடுகளில் இருப்பது தையல் டேப். அதில் கண் முதலில் போவது இஞ்சுக்குத்தான். ஒருநாள் வேலைக்குப் பிறகு முட்டி வீங்குகிறவர்கள் இருந்தால் காலையில் அளந்த அளவும் மாலையில் அளந்த அளவும் ஒன்றாக இருக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். எந்த நேரத்தில் அணியப் போகிறார்களோ அந்த நேரத்தில் அளப்பது நல்லது.

இன்னொன்று, ஒன்றா ஜோடியா? படத்தில் இரண்டு காலிலும் உறை போட்ட ஆள் நிற்பார். பெட்டிக்குள் ஒன்றுதான் இருக்கும். "ஒரு காலுக்கு மட்டும், ஒரு எண்ணிக்கை" என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இணையத்தில் விற்கும் பொட்டலப் பொருளுக்கு எண்ணிக்கை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, எந்த நாட்டில் செய்தது, புகாருக்கான தொடர்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதியும்கூட. எல்லாமே பெட்டியில் அச்சாகியிருக்கும், பார்த்து எழுதினால் போதும்.

துணிக்கு வருவோம். "உயர்தரத் துணி" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முழங்கால் உறைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நைலானும் இழுவை நூலும் சேர்த்துப் பின்னியது. மெல்லியது, காற்று போகும், பேன்ட்டுக்குள்ளோ சேலைக்குள்ளோ போட்டால் வெளியே தெரியாது. சில மாதத்தில் இழுவை தளரும். இன்னொன்று நியோபிரீன். ரப்பர் நுரை மாதிரி தடிமனாக இருக்கும், கடலில் முங்குகிறவர்கள் போடும் உடுப்பும் இதே பொருளில் செய்ததுதான். சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் நம் கடலோர வெயிலில் மே மாதம் அதைப் போட்டு அரை மணி நேரம் நின்றால் உள்ளே வியர்வை ஊறிவிடும். சிலருக்கு அந்த ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து அரிக்கும். இதை மறைக்காமல் எழுதினால் வாங்குகிறவர் தன் வேலைக்கு ஏற்றதை எடுப்பார்: "வியர்வை அதிகம் வரும் வேலைக்குப் பின்னல் வகை வசதி. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் நியோபிரீனைத் தவிர்க்கவும்." பின்னல் வகையிலும் இழுவைக்கு ரப்பர் நூல் சேர்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

உப்புக்காற்றையும் மணலையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒட்டுப்பட்டை வைத்த வகையில் மணலும் வலை நூலும் தும்பும் சிக்கிக்கொண்டால் கொஞ்ச நாளில் அது ஒட்டாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். பக்கவாட்டில் இரும்புப் பட்டை வைத்தது என்றால் உப்புத்தண்ணீர் பட்டதும் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். "கடல்தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவும், முறுக்கிப் பிழிய வேண்டாம்" என்பது இந்த ஊருக்குத் தேவையான வரி. பாசி எடுக்கிறவர்கள் "தண்ணிக்குள்ள போட்டுக்கிட்டுப் போலாமா" என்று கேட்பார்கள். தண்ணீருக்குள் பயன்படுத்தலாம் என்று கம்பெனி சொல்லாத வரை, வேலை முடிந்து கரையில் அணிய என்றே எழுதுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் பக்கம் இப்படி வரும்:

"முழங்கால் உறை (முட்டி பெல்ட்), பின்னல் வகை, எல் அளவு, ஒரு காலுக்கு மட்டும்.

அளவு: முட்டிச் சிப்பியின் நடுவில், நின்றபடி அளந்தால் 38 முதல் 41 செ.மீ. (15 முதல் 16 இஞ்ச்). இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுக்கவும்.

துணி: நைலான், இழுவை நூல். காற்று போகும். ரப்பர் நூல் இல்லை.

பயன்பாடு: நடக்கும்போதும் நின்று வேலை செய்யும்போதும் முட்டிக்குப் பிடிமானம் தரும். இடது வலது இரண்டுக்கும் பொருந்தும். தூங்கும்போது கழற்றிவிடவும்.

கவனம்: மரத்துப்போதல், வீக்கம், அரிப்பு வந்தால் கழற்றவும். இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. அடிபட்டு வீங்கியிருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்கவும்."

"ரப்பர் நூல் இல்லை" என்பதைப் பெட்டியில் பார்த்து உறுதி செய்தால் மட்டும் எழுதுங்கள். கீல் வைத்த உறை, அதாவது இருபக்கமும் கம்பி ஓடும் வகை, பொதுவாக அடிபட்டவர்களுக்கும் அறுவை முடிந்தவர்களுக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்வது. அதை இந்தச் சாதாரண உறையோடு ஒரே பக்கத்தில் கலந்து போடாதீர்கள்.

இடுப்பு பெல்ட்டில் அளவுத் தவறுக்குக் காரணம் பேன்ட் சைஸ். முப்பத்தாறு பேன்ட் போடுகிறவர் முப்பத்தாறு என்று சொல்லிவிடுவார். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. பெல்ட்டின் நடு பெரும்பாலும் தொப்புள் மட்டத்தில் வரும். அங்கே அளந்தால் முப்பத்தொன்பது வரும். கைலி கட்டுகிறவருக்குப் பேன்ட் சைஸே தெரியாது. சேலை கட்டுகிறவர் கொசுவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றினால் இஞ்ச் கூடிவிடும். பாவாடைக்கு மேலேயோ தோலோடு ஒட்டியோ அளக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் உள்ள பட்டைகள் இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா, எத்தனை இருக்கின்றன, பெல்ட்டின் உயரம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். உயரம் அதிகமான பெல்ட் குள்ளமானவருக்கு உட்காரும்போது விலாவில் குத்தும்.

இங்கே பலர் எழுதுகிற ஒரு வரி எனக்குக் கவலை தருகிறது: "இதைப் போட்டால் எவ்வளவு கனமும் தூக்கலாம், இடுப்பு பிடிக்காது." அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-ல் இதை ஆராய்ந்து, காயமில்லாத தொழிலாளிகளுக்கு பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட் போட்ட தைரியத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கிவிடும் ஆபத்தையும் அது எடுத்துச் சொன்னது. ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் உங்கள் வரியை நம்பி இன்னொரு பெட்டியைச் சேர்த்துத் தூக்கினால் நஷ்டம் அவர் முதுகுக்குத்தான். "இடுப்புக்குப் பிடிமானம் தரும், நிமிர்ந்து உட்கார நினைவூட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹீட்டிங் பேடில் அளவைவிட எச்சரிக்கைதான் முக்கியம், ஏனென்றால் இது தோலைச் சுட்டுவிடக்கூடிய பொருள். முதலில் என்ன வகை என்று சொல்லுங்கள்: பிளக்கில் மாட்டியபடியே பயன்படுத்தும் துணிப் பேடா, சூடேற்றிவிட்டுப் பிளக்கைக் கழற்றும் பையா, வெந்நீர் ஊற்றும் ரப்பர் பையா? பார்க்க ஒன்று போல இருந்தாலும் பயன்படுத்தும் முறை வேறு. சூடேற்றும் பையை உடம்பில் வைத்தபடி சார்ஜ் போடக் கூடாது என்பது தெரியாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேடின் நீள அகலம், கம்பியின் நீளம், எத்தனை வாட், சூட்டில் எத்தனை நிலை, தானாக அணையுமா, உறையைக் கழற்றித் துவைக்கலாமா என்பதை எழுதுங்கள். தானாக அணையும் வசதி இல்லை என்றால் "இல்லை" என்றே எழுதுங்கள்.

பயன்பாட்டை இப்படிச் சொல்லலாம்: "வெதுவெதுப்பான ஒத்தடம் தரும். குறைந்த சூட்டில் தொடங்கி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை, துணிக்கு மேல் வைத்துப் பயன்படுத்தவும்." அதோடு, அதை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, மடித்து வைத்து இயக்கக் கூடாது, தைலம் தேய்த்த இடத்தில் வைக்கக் கூடாது, புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது தனி ஆபத்து. சூடு ஏறுவது அவர்களுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள், அந்தப் புண் ஆறவும் நாளாகும். கர்ப்பிணிகளும் உணர்வு குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம் என்பது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இல்லாமல் பயன்பாட்டுக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும். தினமும் ஒரே இடத்தில் சூடு வைத்து அங்கே வலை போலப் பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தால் நிறுத்த வேண்டும்.

பக்கத்தை ஒழுங்காக எழுதிவிட்டு வேறு இடத்தில் நழுவிவிடுவதும் உண்டு. சிவப்பாக எரியும் முட்டிப் படத்தை முதலிலும், ஓடுகிற காலை அடுத்தும் போட்டால் "குணமாகும்" என்று எழுதியது மாதிரிதான். தேடலில் வர வேண்டும் என்று மறைவாகச் சேர்க்கும் சொற்களில் நோயின் பெயரைக் கோர்ப்பதும் அப்படியே. ஒரு வாடிக்கையாளர் "எங்கம்மா வலி சுத்தமாப் போயிருச்சு" என்று அனுப்பினால் மகிழ்ச்சி. அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ஸ்டேட்டஸிலும் பக்கத்திலும் போட்டால் அந்த வாக்கை நீங்களே கொடுத்ததாக ஆகிறது.

"இதப் போட்டா வலி போயிருமாண்ணே?" என்று போனில் கேட்பவருக்கும் அதே பதில்தான்: "வலி போகும்னு நான் சொல்ல முடியாதும்மா. போட்டிருக்கும்போது முட்டிக்குப் பிடிமானமா இருக்கும். எதனால வலின்னு டாக்டரக் கேட்டுக்கங்க. டேப் எடுத்து அளவு சொல்லுங்க, சரியானத அனுப்புறேன்."

புதுச் சரக்கு வரும்போதெல்லாம் பெட்டியின் பின்பக்க அட்டவணையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி அளவையோ துணியையோ மாற்றியிருந்தால் பக்கத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள்.